சாவியிலயும் பையிலயும் டிராக்கர் டேக் மாட்டி ஃபோன் வழியா கண்டுபிடிக்கிறது: முழு வழிகாட்டி

முதல்ல ஒரு விஷயத்த தெளிவா புரிஞ்சுக்குங்க, ப்ளூடூத் டேக்ல ஜிபிஎஸ் கிடையாது, சிம் கிடையாது, அதுவா இன்டர்நெட்டுக்கு போகவும் முடியாது. அதோட வேலை ஒண்ணே ஒண்ணுதான், சில விநாடிக்கு ஒரு தடவ "நான் இங்க இருக்கேன்"னு சின்னதா ஒரு ப்ளூடூத் சிக்னல விட்டுக்கிட்டே இருக்கும். உங்க ஃபோன் பக்கத்துல இருந்தா அந்த சிக்னல நேரா பிடிச்சுக்கும். நீங்க தூரமா போயிட்டா, அந்த வழியா போற வேற யாரோ ஒருத்தரோட ஃபோன் அதை பிடிச்சு, தன்னோட லொகேஷன சேர்த்து, பூட்டு போட்ட மாதிரி என்கிரிப்ட் பண்ணி அனுப்பி வைக்கும். அந்த ஆளுக்கு இது தெரியவே தெரியாது, அவர் யாருன்னு உங்களுக்கும் தெரியாது. மேப்ல நீங்க பாக்குற புள்ளி டேக் இருக்குற இடம் இல்ல, டேக்க கடைசியா பாத்த ஃபோன் இருந்த இடம். கீழ சொல்லப்போற எல்லாமே இந்த ஒரு விஷயத்துல இருந்துதான் வருது.

வாங்கும்போது

டேக்க பாத்து முடிவு பண்ணாதீங்க, உங்க ஃபோன பாத்து முடிவு பண்ணுங்க. ஐஃபோன்னா ஆப்பிளோட Find My நெட்வொர்க்ல வேலை செய்ற டேக், அது ஏர்டேக்கா இருக்கலாம், இல்ல அந்த நெட்வொர்க்குக்கு சப்போர்ட் இருக்குற வேற கம்பெனி டேக்காவும் இருக்கலாம். ஆண்ட்ராய்டுன்னா கூகுளோட Find Hub நெட்வொர்க்ல வேலை செய்ற டேக், இந்த நெட்வொர்க் 2024ல Find My Device-ங்கிற பேர்ல வந்துச்சு, 2025ல பேர மாத்துனாங்க. சாம்சங்கோட ஸ்மார்ட்டேக் கேலக்ஸி ஃபோன்ல மட்டும்தான் வேலை செய்யும், வேற ஆண்ட்ராய்டு ஃபோன் வச்சிருக்கவங்க அதை வாங்கினா ஒண்ணும் பண்ண முடியாது. பேர் தெரியாத கம்பெனி டேக் சிலது தன்னோட ஆப்ல மட்டும் ஓடும், அந்த ஆப் இருக்குறவங்க உங்க பைய கடந்து போனாதான் லொகேஷன் வரும், அதனால வீட்டுக்குள்ள சாவி தேட மட்டும்தான் அது உதவும். டப்பாவுல எந்த நெட்வொர்க்னு எழுதியிருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க.

டேக்க திறக்குறதுக்கு முன்னாடி ஃபோன்ல செய்ய வேண்டியது

இதைத்தான் முக்கால்வாசி பேர் விட்டுடுறாங்க, அப்புறம் பொருள் தொலைஞ்ச அன்னைக்கு மேப் காலியா இருக்கும்.

ஆண்ட்ராய்டுல ப்ளூடூத், லொகேஷன் ரெண்டும் ஆன்ல இருக்கணும், ஃபோனுக்கு பின் நம்பரோ பேட்டர்னோ கண்டிப்பா இருக்கணும், ஏன்னா உங்க டேக்கோட லொகேஷன திறக்குற சாவி அந்த லாக்கோட சேர்ந்துதான் இருக்கு. அப்புறம் செட்டிங்ஸ்ல தேடுற இடத்துல Find Hub-னு அடிச்சு உள்ள போங்க, ஒவ்வொரு ஃபோன்லயும் மெனு வேற வேற இடத்துல இருக்கும் அதனால தேடுறதுதான் சுலபம். உள்ள Find your offline devices-னு ஒண்ணு இருக்கும், அதுல நாலு ஆப்ஷன் வரும். சாதாரணமா With network in high-traffic areas only-ங்கிறதுலதான் இருக்கும். இதுக்கு அர்த்தம் என்னன்னா, ஒரே ஒரு ஃபோன் ஒரு டேக்க பாத்தா போதாது, பல ஃபோன்கள் பாத்தாதான் அந்த லொகேஷன் வெளிய வரும். தனி ஆளோட நடமாட்டம் யாருக்கும் தெரியக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க, அது நியாயமான காரணம்தான். ஆனா ஆள் நடமாட்டம் கம்மியான தெருவுலயோ, சாயங்காலம் காலியாயிட்ட ஒரு ஹாலுலயோ பை கிடந்தா அந்த பக்கம் ஒருத்தர் ரெண்டு பேர்தான் போவாங்க, அப்போ லொகேஷனே வராது. அதனால With network in all areas-ங்கிறத தேர்ந்தெடுங்க, உங்க ஃபோன்ல மட்டும் இல்ல, வீட்ல இருக்குற மத்தவங்க ஃபோன்லயும் மாத்துங்க, அப்பதான் அவங்க ஃபோன் தனியா பாத்தாலும் அந்த தகவல் கணக்குல வரும்.

இன்னொண்ணு, கூகுள் அக்கவுண்ட்ல வீட்டு அட்ரஸ் சேவ் பண்ணியிருக்கவங்களோட ஃபோன் அவங்க வீட்டு பக்கத்துல இருக்கும்போது அடுத்தவங்க டேக் பத்தின தகவல அனுப்பாது. அதனால வீடுகள் மட்டும் இருக்குற ஏரியாவுல லொகேஷன் மெதுவா வந்தா டேக் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுடாதீங்க.

ஐஃபோன்ல செட்டிங்ஸ்ல உங்க பேர தட்டி Find My உள்ள போய் Find My iPhone, Find My network ரெண்டும் ஆன்ல இருக்கான்னு பாருங்க. அப்புறம் Privacy & Security, Location Services, Find My-ன்னு போய் Precise Location ஆன் பண்ணுங்க. இது ஆஃப்ல இருந்தா டேக் பக்கத்துலயே இருந்தாலும் திசை சரியா காட்டாது.

டேக்க ஃபோனோட சேர்க்குறது

புது டேக்ல பேட்டரிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் பட்டை நீட்டிக்கிட்டு இருக்கும், அதை நேரா, மெதுவா இழுங்க. கோணலா இழுத்தா பாதி கிழிஞ்சு உள்ளயே மாட்டிக்கும், அப்புறம் மூடிய திறந்துதான் எடுக்கணும். பட்டை வந்ததும் டேக் ஒரு சத்தம் போடும். சத்தம் வரலன்னா சில டேக்ல பட்டன அழுத்தணும், அது கூட வர்ற பேப்பர்ல இருக்கும்.

இப்போ டேக்க ஃபோன் பக்கத்துல வைங்க, ஸ்கிரீன்ல தானா ஒரு கார்டு வரும், Connect தட்டி பேர் வைங்க. கார்டு வரலன்னா ப்ளூடூத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு டேக்க ஃபோனோட ஒட்டி வச்சு பாருங்க, ஐஃபோன்ல வேற கம்பெனி டேக்னா கார்டுக்கு காத்திருக்காம Find My ஆப்ல Items உள்ள போய் கூட்டல் குறிய தட்டி Add Other Item குடுங்க. பழைய டேக், யாரோ குடுத்ததுன்னா அது அவங்க அக்கவுண்ட்ல இருந்து எடுக்கப்படாம இருந்தா உங்க ஃபோன்ல சேரவே சேராது, அவங்களதான் முதல்ல நீக்க சொல்லணும்.

ஒரு எச்சரிக்கை, ப்ளூடூத் செட்டிங்ஸ்ல போய் இயர்ஃபோன் மாதிரி இணைக்க பாக்காதீங்க, டேக் அந்த லிஸ்ட்ல வராது, வந்தாலும் அது வழியா சேர்த்தா தேடுற வசதி வராது.

பேர் வைக்கும்போது "டேக் 1"னு வைக்காம "வண்டி சாவி", "கருப்பு பை"னு வைங்க. பதட்டத்துல தேடும்போது எது எதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்க முடியாது.

எங்க மாட்டணும்

சாவின்னா டேக்ல ஓட்டை இருக்கான்னு பாருங்க. ஏர்டேக்ல ஓட்டை கிடையாது, அதுக்கு தனியா ஒரு ஹோல்டர் வேணும். ஹோல்டர் எடுக்கும்போது ரெண்டு பக்கமும் திறந்து இருக்குறத எடுங்க, முழுசா மூடுன உலோக டப்பா மாதிரி இருக்குறது வேண்டாம், உலோகம் சிக்னலயும் அடைக்கும், சத்தத்தயும் அமுக்கும். சாவிக்கொத்துல இருக்குற சாவி வளையத்தால பெருசா தொந்தரவு இல்ல.

பைன்னா வெளிய தொங்க விடாதீங்க, எடுக்குறவன் முதல்ல அதைத்தான் பிச்சு போடுவான். உள்ள இருக்குற சின்ன ஜிப் பாக்கெட்ல, லைனிங் பக்கமா, துணிய ஒட்டி வைங்க. லேப்டாப்புக்கு பின்னாடியும், ஸ்டீல் தண்ணி பாட்டிலுக்கு கீழயும் வைக்காதீங்க, உலோகமும் தண்ணியும் ப்ளூடூத் சிக்னலுக்கு சுவர் மாதிரி. பை தரையில கிடக்கும்போது மேல் பக்கம் வர்ற இடமா பாத்து வச்சா நல்லது, அடியில வச்சா பைக்குள்ள இருக்குற எல்லாம் அது மேல உக்காந்துக்கும்.

மாட்டுன உடனே ஒரு டெஸ்ட் பண்ணுங்க. பைய முழுசா நிரப்பி, ஜிப்ப மூடி, ஒரு ரூம்ல வச்சு கதவ சாத்திட்டு அடுத்த ரூம்ல இருந்து Play sound குடுங்க. கேட்டுச்சுன்னா இடம் சரி. கேக்கலன்னா டேக்ல சத்தம் வர்ற பக்கம் எதுன்னு பாத்து திருப்பி வைங்க. காலி பையில டெஸ்ட் பண்ணி பிரயோஜனம் இல்ல, நீங்க தொலைக்கப்போறது நிறைஞ்ச பை.

வீட்டுக்குள்ள சாவி தேடுறது

ஆப்ப திறங்க, டேக்க தேர்ந்தெடுங்க, Play sound தட்டுங்க. கனெக்ட் ஆச்சுன்னா சத்தம் வரும். ஆகலன்னா அது ப்ளூடூத் எட்டுற தூரத்துல இல்ல, வீட்டுக்குள்ள சுவர் எல்லாம் கணக்கு பண்ணா சுமார் 10 மீட்டர்தான் நம்பலாம், வெட்டவெளியில அதைவிட நல்லா எட்டும். அதனால ஒரே இடத்துல நின்னு திரும்ப திரும்ப அழுத்தாம ஒவ்வொரு ரூமா போய், ஒரு பத்து விநாடி நின்னு, அழுத்தி பாருங்க. ஃபோன் சிக்னல பிடிக்க அந்த நேரம் வேணும், வேகமா நடந்தா பக்கத்துலயே கடந்து போயிடுவீங்க.

கனெக்ட் ஆகுது, ஆனா சத்தம் எங்க இருந்து வருதுன்னு தெரியல, இது ரொம்ப சகஜம். டேக் சத்தம் கீச்சுன்னு இருக்கும், சுவர்ல பட்டு திரும்பி வரும், காது ஏமாந்துடும். ஃபேன், டிவி எல்லாத்தயும் நிறுத்திட்டு ரூம் நடுவுல நில்லுங்க. ஃபோன நெஞ்சோட ஒட்டி பிடிச்சுக்கிட்டு மெதுவா ஒரு சுத்து திரும்புங்க. Find Hub-ல Find nearby தட்டினா ஒரு வடிவம் வரும், நெருங்க நெருங்க அது நிரம்பும். உங்க உடம்புல பெரும்பகுதி தண்ணிதான, அது சிக்னல மறைக்கும், அதனால டேக் உங்க முதுகு பக்கம் இருந்தா அந்த வடிவம் குறையும், முகத்துக்கு நேரா வந்தா நிரம்பும். திசை காட்டுற வசதி இல்லாத டேக்குக்கும் இந்த முறை உதவும். ஐஃபோன் 11 மாதிரி திசையயும் தூரத்தயும் துல்லியமா அளக்குற யூடபிள்யூபி சிப் இருக்குற மாடலும் ஏர்டேக்கும் இருந்தா இந்த வேலையே வேண்டாம், அம்புக்குறியும் தூரமும் ஸ்கிரீன்லயே வந்துடும்.

ஒரு இடத்துல மட்டும் கனெக்ட் ஆகி ஆகி அறுந்து போகுதுன்னா அங்க இரும்பு எதாவது இருக்கான்னு பாருங்க. துணியோட சேர்ந்து சாவி வாஷிங் மெஷினுக்குள்ள போயிருந்தா சுத்தி உலோக டிரம், சிக்னல் முன்னாடி இருக்குற கண்ணாடி கதவு வழியாதான் கொஞ்சமா வெளிய வரும், மெஷினுக்கு நேரா நின்னா கனெக்ட் ஆகும், ஒரு அடி தள்ளி போனா போயிடும். இரும்பு அலமாரியும் அப்படித்தான், கதவ திறந்த உடனே சத்தம் பளிச்சுன்னு கேக்கும்.

வெளிய பை தொலைஞ்சா, ஒரு கேஸ்

ஒரு பொண்ணு பஸ்ல பைய விட்டுட்டு 5:40க்கு இறங்கிடுறான்னு வச்சுக்குவோம். 5:55க்கு வீட்டு வாசல்ல நிக்கும்போதுதான் தோள் காலியா இருக்குறது தெரியுது. ஆப்ப திறக்குறா, புள்ளி பஸ் ஸ்டாப்புல இருக்கு, கீழ நேரம் 5:41னு போட்டிருக்கு.

இங்கதான் எல்லாரும் ஸ்டாப்புக்கு திரும்ப ஓடுவாங்க. ஓடாதீங்க. அந்த புள்ளி அவ ஃபோனும் டேக்கும் கடைசியா பேசிக்கிட்ட இடம், பஸ் கிளம்பி ப்ளூடூத் அறுந்த இடம், பை அங்க இல்ல. மேப்ப பாக்குறதுக்கு முன்னாடி நேரத்த பாருங்கன்னு நான் சொல்றதுக்கு காரணம் இதுதான், நேரம் நீங்க விட்டுப் பிரிஞ்ச நேரத்தோட ஒத்துப்போச்சுன்னா அது உங்க ஃபோன் தந்த பழைய தகவல், புது தகவல் இனிமேதான் வரணும்.

அந்த நேரத்துல செய்ய வேண்டியது Mark as lost தட்டி, ஐஃபோன்ல Lost Mode, அதுல வீட்ல இருக்குற வேற ஒருத்தரோட நம்பர போடுறது. ஏர்டேக்க எடுத்தவங்க தன்னோட ஃபோன் பின்பக்கத்துல வச்சு தொட்டா அந்த நம்பரும் மெசேஜும் ஒரு வெப் பக்கத்துல வரும், ஆண்ட்ராய்டு ஃபோன்லயும் என்எஃப்சி இருந்தா வரும். கூடவே பைக்குள்ள ஒரு பேப்பர்ல நம்பர் எழுதி வச்சிருந்தா இன்னும் நல்லது, எல்லாருக்கும் டேக்க தொட்டு பாக்க தெரியாது.

6:10க்கு புள்ளி வேற ரோட்டுக்கு போகுது. பஸ்ல இருக்குற யாரோட ஃபோனோ பிடிச்சிருக்கு. 6:25க்கு இன்னும் தூரம். இப்போ புள்ளிய துரத்தாதீங்க, நீங்க அங்க போறதுக்குள்ள அது வேற இடத்துல இருக்கும். புள்ளிகள் எந்த ரூட்ல போகுதுன்னு மட்டும் பாருங்க, அது பஸ் ரூட்டோட ஒத்துப்போனா பை இன்னும் பஸ்லதான் இருக்கு, யாரும் எடுக்கல. 7:05க்கு புள்ளி டிப்போ பக்கத்துல வருது, 7:30க்கும் அங்கயேதான், கொஞ்சம் தள்ளி ரோட்டு மேல காட்டுது, அப்புறம் பக்கத்து கட்டிடத்து மேல. பை நகரல, ஒவ்வொரு தடவயும் வேற ஃபோன் பாத்திருக்கு, ஒவ்வொரு ஃபோனோட லொகேஷனும் கொஞ்சம் கொஞ்சம் தப்பா இருக்கும், அதுல டேக்குக்கும் அந்த ஃபோனுக்கும் நடுவுல இருக்குற தூரமும் சேர்ந்துக்கும். அதனால புள்ளிகள் ஒரு கூட்டமா ஒரே ஏரியாவ சுத்தி விழுந்தா அந்த கூட்டத்தோட நடு இடம்தான் உங்க இலக்கு.

டிப்போவுக்கு ஃபோன் பண்ணிட்டு போறாங்க. கேட்டுல நின்னு ஆப்ப திறந்தா கனெக்ட் ஆகல, உள்ள பஸ் வரிசையா நிக்குது, எல்லாம் தகரம். வரிசைக்கு நடுவுல நடந்து ஒவ்வொரு பஸ்ஸோட கதவுகிட்டயும் பத்து விநாடி நிக்கணும். மூணாவது பஸ்ல கனெக்ட் ஆகுது, Play sound குடுத்தா பின் சீட்டுக்கு அடியில இருந்து சத்தம் வருது. பை உங்களோடதுதானான்னு டிப்போக்காரங்க கேட்டா வேற ஆதாரம் தேட வேண்டாம், அவங்க முன்னாடியே திரும்ப ஒரு தடவ அழுத்தி காட்டுங்க.

இதே கேஸ்ல புள்ளி பஸ் ரூட்ட விட்டு விலகி ஒரு வீட்டு முன்னாடி நின்னுச்சுன்னா தனியா போய் கதவ தட்டாதீங்க. புள்ளி அந்த வீட்டதான் சொல்லுதுன்னு உங்களால உறுதியா சொல்ல முடியாது, பக்கத்து வீடாவும் இருக்கலாம். ஸ்கிரீன்ஷாட்ட நேரத்தோட எடுத்து போலீஸ்ல குடுங்க. அதோட, டேக் திருட்ட தடுக்குற சாதனம் இல்லங்கிறதயும் மனசுல வைங்க. அடுத்தவங்க டேக் ஒருத்தர் கூடவே நகர்ந்தா அவர் ஃபோன்ல எச்சரிக்கை வரும், ஐஃபோன்லயும் வரும், ஆண்ட்ராய்டு 6க்கு மேல உள்ள ஃபோன்லயும் வரும். ஒருத்தர ரகசியமா பின்தொடர யாரும் இதை பயன்படுத்தக்கூடாதுன்னு வச்ச பாதுகாப்பு அது, ரொம்ப அவசியமானது, ஆனா எடுத்தவனுக்கும் தெரிஞ்சுடும்.

வீட்ல ஒரே பைய ரெண்டு பேர் எடுத்துக்கிட்டு போவீங்கன்னா அந்த எச்சரிக்கை அவங்களுக்கும் வந்து பயமுறுத்தும், ஏர்டேக்னா ஓனர விட்டு பிரிஞ்சு 8ல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள நகர்த்தும்போது தானாவே சத்தமும் போடும். அதனால ஆப்ல Share குடுத்து அவங்களயும் சேர்த்துடுங்க, ஏர்டேக்க ஐஓஎஸ் 17ல இருந்து இன்னும் 5 பேரோட பகிரலாம். அப்போ அவங்க ஃபோன்ல இருந்தும் தேடலாம், உங்க ஃபோனே அந்த பைக்குள்ள இருந்தா இதுதான் காப்பாத்தும்.

லொகேஷன் வரவே இல்லன்னா

நேரம் பழசாவே நிக்குதுன்னா மூணு காரணம்தான் பெரும்பாலும். அந்த பக்கம் யாரும் போகல, இல்ல டேக் உலோகத்துக்குள்ள மாட்டியிருக்கு, இல்ல பேட்டரி தீந்துடுச்சு. முதல் ரெண்டுக்கும் காத்திருக்குறதுதான் வழி, காலையில ஆள் நடமாட்டம் ஆரம்பிச்சதும் புள்ளி புதுசாகும். நீங்களே அந்த ஏரியாவுக்கு போனா உங்க ஃபோனே அதை பிடிக்கும், ஆப்ப திறந்து வச்சுக்கிட்டு மெதுவா நடங்க.

பேட்டரிய இப்பவே பாத்துக்குங்க. ஏர்டேக்லயும் இன்னும் நிறைய டேக்லயும் CR2032 காசு பேட்டரிதான், சாதாரணமா ஒரு வருஷம் போல வரும். ஏர்டேக்ல பளபளப்பான மூடிய அழுத்திக்கிட்டே கடிகாரத்துக்கு எதிர் திசையில திருப்புங்க, புது பேட்டரிய கூட்டல் குறி உங்கள பாக்குற மாதிரி வைங்க, வச்ச உடனே சத்தம் வரணும். வரலன்னா, குழந்தைங்க வாயில போடாம இருக்க கசப்பு பூச்சு தடவுன பேட்டரியான்னு பாருங்க, அந்த பூச்சால சிலது ஏர்டேக்ல வேலை செய்யாது. எடுத்த பழைய பேட்டரிய மேஜையில விடாதீங்க, சின்ன குழந்தை முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாய் வெந்து போகும், அப்படி சந்தேகம் வந்தா ஒரு நிமிஷம்கூட தாமதிக்காம ஆஸ்பத்திரிக்கு போகணும்.

புது ஃபோன் மாத்தும்போது பழைய ஃபோன அழிக்குறதுக்கு முன்னாடி, புது ஃபோன்ல அதே அக்கவுண்ட்ல போய் டேக் தெரியுதா, லொகேஷன் திறக்குதான்னு பாருங்க, ஆண்ட்ராய்டுல பழைய ஃபோனோட பின் நம்பர கேக்கும், அதை மறந்துடாதீங்க. டேக்க வேற ஒருத்தருக்கு குடுக்குறதா இருந்தா, டேக் கையில, ப்ளூடூத் எட்டுற தூரத்துல இருக்கும்போதே ஆப்ல இருந்து நீக்கிட்டு குடுங்க.